நேரத்துக்கு வந்தவர் ஏன் ஆட்டமிழந்தார்?

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கிரிக்கெட் வர்ணனை. அந்த வர்ணனையை எப்படித் தமிழில் சொல்வது, கிரிக்கெட்டே தெரியாத ஒருவருக்குக் குழப்பமான ஓர் ஆட்டமிழப்பை எப்படி விளக்குவது என்ற இரண்டையும் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டும் வேறு வேறு வேலைகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை என்பது என் கட்சி. விதி தெரியாமல் வர்ணனையை மொழிபெயர்க்க முடியாது. பிழையாக மொழிபெயர்த்த வர்ணனையைக் கேட்டவருக்கு விதி விளங்கவும் மாட்டாது. இதைத்தான் இன்று உங்கள் முன் நிறுவ விரும்புகிறேன்.

இதை ஏன் இந்தத் தீவகத்தில் வைத்துப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான கட்டுமானப் பணியைத் தொடக்கிவைத்தார். மண்டைதீவு வேறெங்கும் இல்லை, நமது வேலணைப் பிரதேசத்துக்குள்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1904ஆம் ஆண்டு முதல் மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் மோதி வருகின்றன. அந்தப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு கிரிக்கெட் புதிதல்ல. ஆனால் அந்த மைதானம் நிறைவு பெற்று ஒரு சர்வதேசப் போட்டி நடக்கும் நாளில், இதுவரை ஒரு பந்துகூடப் பார்த்திராத தாய்மாரும் முதியோரும் அங்கே வருவார்கள், வர வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் அவர்கள் கேட்பார்கள்: "தம்பி, அவர் ஏன் போறார்? பந்தே போடவில்லையே?" அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பந்தே போடாமல் ஒருவர் ஆட்டமிழக்க முடியுமா? முடியும். ஆட்டமிழந்திருக்கிறார். அதுவும் நமது நாட்டு வீரர். 2023 நவம்பர் 6ஆம் திகதி, டெல்லி அருண் ஜேட்லி மைதானத்தில், உலகக் கிண்ணப் போட்டியில், பங்களாதேஷுக்கு எதிராக அஞ்செலோ மெத்யூஸ் அப்படி ஆட்டமிழந்தார். ஆடவர் சர்வதேச கிரிக்கெட்டில் அந்த முறையில் ஆட்டமிழந்த முதலாவது வீரர் அவர்தான். ஆங்கிலத்தில் அதற்கு 'டைம்ட் அவுட்' என்று பெயர். அதை நாம் தமிழில் எப்படிச் சொன்னோம்? 'தாமதமாக வந்ததால் ஆட்டமிழந்தார்' என்றுதான் பெரும்பாலும் சொல்லக் கேட்டோம். இன்றும் அப்படித்தான் கேட்கிறோம். அந்த ஒரு வாக்கியம்தான் இன்றைய பேச்சின் மையம். அது பிழையான வாக்கியம். எந்த விதத்தில் பிழை என்பதை விளக்குவதற்கு முன், இதே வகையான பிழை வேறு இரண்டு இடங்களில் எப்படி நேர்கிறது என்று பார்த்துவிடுவோம். பார்த்தால் டெல்லியில் நடந்தது எளிதில் விளங்கும்.

முதலாவது 'மெய்டன் ஓவர்'. அகராதியைப் பார்த்து அதைக் 'கன்னி ஓவர்' என்றால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே நமது வர்ணனையாளர்கள் 'ஓட்டமற்ற ஓவர்' என்றார்கள். நல்ல தமிழ், காதுக்கும் இதமானது. ஆனால் விதியைக் கேட்டுப் பாருங்கள். ஓர் ஓவரின் 6 பந்துகளில் பந்துவீச்சாளரின் கணக்கில் ஓர் ஓட்டமும் சேராவிட்டால் அது மெய்டன். பந்து துடுப்பில் படாமல் காலில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினால் அணிக்கு 4 ஓட்டங்கள் கிடைக்கும். அவை காலுதிரிகள், பந்துவீச்சாளரின் கணக்கில் சேராதவை. எனவே அந்த ஓவர் மெய்டனாகவே இருக்கும். இப்போது புதியவர் கேட்பார்: 'ஓட்டமற்ற ஓவர் என்கிறீர்கள், பலகையில் 4 ஓட்டம் கூடியிருக்கிறதே?' அவர் கேட்பது நியாயம். பிழை நாம் கொடுத்த சொல்லில் இருக்கிறது. 'பந்துவீச்சாளர் ஓட்டம் எதுவும் கொடுக்காத ஓவர்' என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. சொல் கொஞ்சம் நீளமாகிறதுதான். ஆனாலும் அதற்குள் விதி இருக்கிறது.

இரண்டாவது 'டெட் போல்'. இதைச் 'செத்த பந்து' என்றும் சொல்கிறார்கள், 'பயனற்ற பந்து' என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது சொல்லைக் கேட்பவர், பந்து பழுதாகிவிட்டது போலும், வேறு பந்து எடுக்கப் போகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொள்வார். விதியில் அதன் பொருள் வேறு. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் கணத்திலிருந்து பந்து ஆட்டத்தில் இருக்கிறது. விக்கெட் காப்பாளரின் கையில் அது அடங்கினாலோ, எல்லைக்கோட்டைத் தாண்டினாலோ, ஒரு துடுப்பாட்ட வீரர் ஆட்டமிழந்தாலோ, அந்தக் கணத்தோடு பந்து ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. எனவே 'ஆட்டத்தில் இருக்கும் பந்து', 'ஆட்டத்தில் இல்லாத பந்து' என்று சொல்வதே பொருத்தம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கிரிக்கெட் விதிநூல் இன்று 9 வகை ஆட்டமிழப்புகளை வகுத்திருக்கிறது. அவற்றில் எட்டு வகைக்குப் பந்து ஆட்டத்தில் இருக்க வேண்டும். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில் மட்டுமே நிகழக்கூடிய ஆட்டமிழப்பு ஒன்றே ஒன்றுதான். மெத்யூஸுக்கு நேர்ந்தது அதுதான். அதனால்தான் நெடுங்காலமாகக் கிரிக்கெட் பார்த்தவர்கள்கூட அன்று திகைத்துப் போனார்கள்.

இனி டெல்லிக்குப் போவோம். இலங்கை துடுப்பெடுத்தாடிக்கொண்டிருக்கிறது. 25ஆவது ஓவர். பந்து வீசுபவர் பங்களாதேஷ் அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன். அந்த ஓவரின் 2ஆவது பந்தில் சதீர சமரவிக்ரம 41 ஓட்டங்களுடன் பிடி கொடுத்து ஆட்டமிழக்கிறார். இலங்கையின் எண்ணிக்கை 4 விக்கெட்டுகளுக்கு 135. மறுமுனையில் நிற்பவர் சரித் அசலங்க. புதியவர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: மெத்யூஸ் வந்து சேரும் வரை அசலங்க அடுத்த பந்தைச் சந்தித்திருக்கலாமே? சந்திக்க முடியாது. முன்பு, பந்து பிடிபடும் முன்னர் துடுப்பாட்ட வீரர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடந்து ஓடிவிட்டால் மறுமுனை வீரர் அடுத்த பந்தைச் சந்திக்கலாம். 2022 ஒக்டோபர் முதல் சர்வதேசப் போட்டிகளில் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. பிடி கொடுத்து ஒருவர் வெளியேறினால், அது ஓவரின் கடைசிப் பந்தாக இல்லாத வரை, புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். இது ஓவரின் 2ஆவது பந்து. ஆகவே கடிகாரம் மெத்யூஸ் ஒருவருக்காகவே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கடிகாரத்தின் அளவு என்ன? மெரில்போன் கிரிக்கெட் கழகம் காக்கும் விதிநூலின் 40ஆவது விதி 3 நிமிடம் என்கிறது. டெஸ்ட் போட்டிகளில் அதுவே அளவு. அந்த உலகக் கிண்ணத்துக்குச் சர்வதேச கிரிக்கெட் பேரவை வைத்திருந்த அளவு 2 நிமிடம். ரி20 போட்டிகளில் 90 விநாடி. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது எப்போது? முன்னவர் ஆட்டமிழந்த கணத்திலேயே. அவர் கூடாரத்துக்குத் திரும்பும் நேரமும் அதற்குள் அடக்கம். அந்த நேரத்துக்குள் புதியவர் என்ன செய்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மைதானத்துக்குள் கால் வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறதா? இல்லை. ஆடுகளத்தை அடைந்திருக்க வேண்டும் என்று சொல்கிறதா? அதுவும் இல்லை. பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. வந்திருத்தல் வேறு, ஆயத்தமாக இருத்தல் வேறு. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நேரத்துக்கு வந்து, பயணப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டு நின்றவரை விட்டுவிட்டு நெடுந்தீவுப் படகு புறப்பட்டால், அவர் இறங்குதுறைக்கு வந்தது உண்மைதான். படகில் ஏறவில்லை என்பதும் உண்மைதான். 40ஆவது விதி கேட்பது படகில் ஏறினாரா என்பதை.

இந்த விதியின் வரலாறும் அதைத்தான் காட்டுகிறது. 1744ஆம் ஆண்டின் பழைய விதித்தொகுப்பிலேயே ஒருவர் வெளியேறியதும் அடுத்தவர் உள்ளே வர 2 நிமிடம் என்று இருந்தது. அதாவது இது நேற்று முளைத்த விதி அல்ல. 1980ஆம் ஆண்டுத் தொகுப்பில் இது தனி ஆட்டமிழப்பாக வகுக்கப்பட்டபோதும், 2 நிமிடத்துக்குள் மைதானத்துக்குள் கால் வைத்தால் போதும் என்றே இருந்தது. அந்தக் காலத்தில் 'தாமதமாக வந்தார்' என்று மொழிபெயர்த்திருந்தால் பிழை இல்லை. 2000ஆம் ஆண்டில் நேரம் 3 நிமிடமாகக் கூட்டப்பட்டது. ஆனால் உள்ளே வந்தால் போதாது, ஆடுகளத்தில் தன் நிலையை எடுக்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்றது புதிய விதி. 2017இல் அது இன்னும் இறுகி, பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றானது. பாருங்கள், முதலில் எல்லைக்கோடு, பிறகு ஆடுகளம், கடைசியில் பந்தை எதிர்கொள்ளும் நிலை. விதி இப்படி மூன்று படி நகர்ந்துவிட்டது. நமது மொழிபெயர்ப்பு மட்டும் 1980இலேயே நின்றுவிட்டது.

மெத்யூஸ் மைதானத்துக்குள் வந்தார். ஆடுகளத்தை அடைந்தார். தலைக்கவசத்தின் நாடிப்பட்டியை இழுத்துப் பூட்டப் பார்த்தபோது பட்டி அறுந்தது. உடனே அவர் தன் அணியினரை நோக்கி வேறு தலைக்கவசம் கொண்டுவரும்படி சைகை செய்தார். அதற்குள் 2 நிமிடம் கடந்துவிட்டது. ஷகிப் நடுவரிடம் முறையீடு செய்தார். நடுவர்களாக நின்றவர்கள் மரைஸ் எரஸ்மஸும் ரிச்சர்ட் இல்லிங்வேர்த்தும். முறையீட்டை மீளப்பெற விருப்பமா என்று ஷகிப்பிடம் கேட்கப்பட்டது. அவர் மீளப்பெறவில்லை. மெத்யூஸ் அவரிடம் நேரில் போய் விளக்கிப் பார்த்தார். அதுவும் பயன்படவில்லை. விக்கெட்டுகள் 5, எண்ணிக்கை அதே 135, ஓவரும் அதே 24.2. இரண்டு விக்கெட்டுகள் ஒரே பந்தின் எண்ணில் பதியப்பட்டன. மெத்யூஸின் பெயருக்கு எதிரே 0 ஓட்டம், சந்தித்த பந்துகளும் 0. அந்த விக்கெட் ஷகிப்பின் பந்துவீச்சுக் கணக்கில் சேரவில்லை, ஏனென்றால் இந்த ஆட்டமிழப்பு எந்தப் பந்துவீச்சாளருக்கும் உரியதல்ல. அசலங்க அதன் பிறகு 108 ஓட்டங்கள் எடுத்து இலங்கையை 279க்குக் கொண்டுபோனார். பங்களாதேஷ் 3 விக்கெட்டுகளால் வென்றது. 82 ஓட்டங்கள் எடுத்த ஷகிப்பை ஆட்டமிழக்கச் செய்தவர் மெத்யூஸ்தான். அப்போது அவர் தன் மணிக்கட்டைத் தொட்டு நேரத்தைக் காட்டினார். ஆட்டம் முடிந்த பின் இரு அணியினரும் கைகுலுக்கவில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது எதிர்வாதம் மெத்யூஸே முன்வைத்தது. பிடி எடுக்கப்பட்ட கணத்தையும் பட்டி அறுந்த கணத்தையும் ஒளிப்பதிவில் எடுத்துக்காட்டி, தலைக்கவசம் பழுதான பிறகும் தனக்கு 5 விநாடிகள் மீதமிருந்தன என்றார். ஆனால் 4ஆவது நடுவர் ஏட்ரியன் ஹோல்ட்ஸ்டொக், பட்டி ஒரு பிரச்சினையாவதற்கு முன்பே அந்த 2 நிமிடத்துக்குள் அவர் ஆயத்தமாகவில்லை என்றார். இவர்களில் யார் சொல்வது சரி என்று நாடே விவாதித்தது. 'தாமதமாக வந்தார்' என்ற மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பார்த்தால், இருவரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும். விதியின் சொல்லை வைத்துப் பார்த்தால், ஒளிப்பதிவும் உண்மையாக இருக்கலாம், தீர்ப்பும் சரியாக இருக்கலாம். 1 நிமிடம் 55 விநாடியில் அவர் ஆடுகளத்தில் நின்றார் என்பதை ஒளிப்பதிவு காட்டுகிறது. பட்டி அறுந்திருக்காவிட்டாலும், எஞ்சிய 5 விநாடிகளில் அதைப் பூட்டி, நடுவரிடம் தன் நிலையைக் குறித்து, களத்தடுப்பை ஒரு தரம் பார்த்து, துடுப்பைத் தரையில் ஊன்றிப் பந்துவீச்சாளரை நோக்கி நின்றிருக்க வேண்டும். ஒளிப்பதிவு அதைக் காட்டவில்லை. காட்டவும் முடியாது. வந்து சேர்ந்த நேரத்துக்கு அது சான்று, ஆயத்தமான நேரத்துக்குச் சான்றல்ல. நான் மெத்யூஸின் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. அவர் நேரத்தைக் கடத்த முனையவில்லை என்பது பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் விதி நோக்கத்தைக் கேட்கவில்லை, நிலையைக் கேட்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. பட்டி அறுந்தது அவர் பிழையா? தலையைக் காக்கும் கவசம் இல்லாமல் பந்தைச் சந்திக்கச் சொல்வது நியாயமா? இது நெஞ்சைத் தொடும் கேள்வி. ஆட்டம் முடிந்த சில நாட்களில் மெரில்போன் கிரிக்கெட் கழகமே இதற்கு விளக்கம் வெளியிட்டது. நடுவர்களின் தீர்ப்பு சரி என்று அது சொன்னது. கூடவே மிக முக்கியமான ஒன்றையும் சொன்னது. தலைக்கவசம் பழுதானபோது மெத்யூஸ் நடுவர்களிடம் சொல்லவில்லை, தன் அணியினருக்கு மட்டும் சைகை காட்டினார். அவர் நடுவர்களிடம் நிலைமையை விளக்கி அவகாசம் கேட்டிருந்தால், அவர்கள் ஆட்டத்தை நிறுத்தி நேரத்தை முடக்கியிருக்கக்கூடும், ஆட்டமிழப்புக்கே இடமிருந்திருக்காது என்பது அதன் சாரம். அப்படியானால் விதி இரக்கமற்றதா? இல்லை. விதிக்குள்ளேயே ஒரு கதவு இருந்தது. நடுவரின் ஒரு சொல்லால் அது திறந்திருக்கும். கடிகாரத்தை நிறுத்தும் அதிகாரம் கூடாரத்தில் இருப்பவர்களிடம் இல்லை, நடுவரிடம்தான் இருக்கிறது. 'தாமதமாக வந்தார்' என்ற வாக்கியம் இந்தக் கதவை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. தாமதமாக வந்தவருக்கு என்ன அவகாசம் கேட்பது? வந்து நின்று, ஆயத்தமாகும்போது இடையூறு நேர்ந்தவருக்குத்தான் அவகாசம் கேட்கும் உரிமை உண்டு.

மூன்றாவது எதிர்வாதம் விளையாட்டின் பண்பு பற்றியது. முறையீடு செய்யாமல் விட்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள். விட்டிருக்கலாம், விட்டவர்களும் இருக்கிறார்கள். 2007 ஜனவரியில் கேப்டவுன் டெஸ்ட் போட்டியில் இந்தியா விளையாடியது. அடுத்து வர வேண்டிய சச்சின் டெண்டுல்கர், முன்பு களத்தடுப்பின்போது வெளியே இருந்த காரணத்தால், உடனே துடுப்பெடுத்தாட அனுமதி இருக்கவில்லை. அடுத்தவரும் ஆயத்தமாக இல்லாததால் கடைசியில் சௌரவ் கங்குலி ஆடுகளத்தை அடைய ஏறக்குறைய 6 நிமிடம் ஆனது. தென்னாபிரிக்க அணித்தலைவர் கிரேம் ஸ்மித் முறையீடு செய்யவில்லை. அதனால் கங்குலி ஆட்டமிழக்கவில்லை. இதிலிருந்து புதியவர் ஒன்றைக் கற்கலாம். கிரிக்கெட்டில் முறையீடு இல்லாமல் நடுவர் ஒருவரை ஆட்டமிழந்ததாக அறிவிக்க முடியாது. முறையீட்டை அணித்தலைவர் மீளப்பெறவும் முடியும், ஆனால் நடுவரின் சம்மதத்தோடு, அடுத்த பந்து ஆட்டத்துக்குள் வருவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். எனவே அன்று டெல்லியில் இரண்டு தனித்தனித் தீர்மானங்கள் இருந்தன. ஷகிப் முறையீடு செய்ததும் அதில் உறுதியாக நின்றதும் ஒன்று. முறையீடு வந்த பிறகு நடுவர்கள் தீர்ப்புச் சொன்னது மற்றொன்று. ஷகிப்பின் முடிவை நான் விரும்பவில்லை. ஸ்மித்தின் முடிவே எனக்கு உயர்வாகத் தெரிகிறது. ஆனால் அந்த மனக்குறையை நடுவர்கள் மேல் ஏற்றி, 'பிழையான தீர்ப்பு' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வர்ணனையாளருக்கும் இல்லை. முறையீட்டைப் பற்றிய கோபத்தையும் தீர்ப்பைப் பற்றிய கருத்தையும் ஒரே மூச்சில் கலந்து சொல்லும் வர்ணனை, கேட்பவரைக் குழப்பும்.

நான்காவது எதிர்வாதம் மொழி பற்றியது. இவ்வளவு சிரமம் எதற்கு, 'டைம்ட் அவுட்' என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டுப் போகலாமே என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். ஓட்டப்பதிவுப் புத்தகத்தில் அப்படி எழுதுவதில் எனக்குத் தடையில்லை. விக்கெட், ஓவர் என்ற சொற்களை நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம், அதில் தவறு இல்லை. ஆனால் வர்ணனை என்பது பெயர் சொல்வதோடு முடியும் வேலையல்ல. அது என்ன நடந்தது என்று சொல்லும் வேலை. சென்னை வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் கிரிக்கெட்டை வர்ணித்தபோது, மைதானத்தைக் கண்ணால் காணாத கோடிக்கணக்கானோருக்கு ஆட்டத்தை வாக்கியங்களால் காட்ட வேண்டியிருந்தது. இலங்கைத் தமிழில் துடுப்பாட்டம், களத்தடுப்பு, ஆட்டமிழப்பு என்ற சொற்கள் வேரூன்றியதும் நமது வானொலியும் பத்திரிகைகளும் அந்த வேலையைச் செய்ததால்தான். தீவகத்தில் துடுப்பு என்றால் முதலில் வள்ளம்தான் நினைவுக்கு வர வேண்டும். ஆயினும் 'துடுப்பாட்டம்' என்று கேட்டதும் இங்கே எந்தப் பிள்ளையும் கடலைப் பார்ப்பதில்லை. சொல் வழக்கத்தால் நிலைக்கும். ஆகவே எந்தப் பெயரைத் தெரிவு செய்கிறோம் என்பது எனக்குப் பெரிய கவலை அல்ல. பெயரைத் தொடர்ந்து வரும் வாக்கியம்தான் எனக்குக் கவலை.

அந்த வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்? 'நேரத்துக்குள் ஆயத்தமாகாததால் ஆட்டமிழந்தார்' என்று சொல்லலாம். 'ஆயத்தம்' நமது வீடுகளில் தினமும் புழங்கும் சொல். எந்தத் தாய்க்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. அதைத் தொடர்ந்து புதியவருக்கு நான்கு செய்திகளை ஒழுங்காகச் சொன்னால் போதும். முன்னவர் ஆட்டமிழந்த கணத்தில் கடிகாரம் தொடங்குகிறது என்பதைச் சொல்லுங்கள். அதற்குள் பந்தை எதிர்கொள்ளும் நிலையில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். எதிரணி முறையிட்டால் மட்டுமே நடுவர் தீர்ப்புச் சொல்வார் என்பதைச் சொல்லுங்கள். இடையூறு நேர்ந்தால் நடுவரிடம் சொல்லி நேரத்தை நிறுத்தக் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். இந்த ஒழுங்கில் சொன்னால் 'பந்தே போடவில்லையே' என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்: பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில்தான் இது நடக்கும் அம்மா, அடுத்த பந்துக்கு ஆயத்தமாக இருந்தாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

உண்மையிலேயே தாமதமாக வந்தவர்களும் உண்டு, அவர்களையும் இதே விதி பிடித்திருக்கிறது. 2002இல் தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் நடந்த முதற்தரப் போட்டியில், மேற்கிந்தியத் தீவுகளின் வாஸ்பர்ட் ட்ரேக்ஸ் விக்கெட் விழுந்த நேரத்தில் மைதானத்திலேயே இல்லை. அவர் இன்னும் விமானப் பயணத்தில் இருந்தார். 1997இல் கட்டாக்கில் திரிபுரா அணியின் ஹேமுலால் யாதவ் எல்லைக்கோட்டருகே இருந்தார், ஆனால் தன் அணி முகாமையாளருடன் பேசிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வராமலே ஆட்டமிழந்தார். இந்த இருவரையும் 'வரவில்லை' என்று சொன்னால் முற்றிலும் சரி. மெத்யூஸை அந்த வரிசையில் வைத்து அதே சொல்லால் அழைப்பது, விதிக்கும் அநீதி, அவருக்கும் அநீதி. ஒருவர் வானத்தில் இருந்தார், ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்றார், ஒருவர் ஆடுகளத்தின் நடுவே தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மூவரும் ஆயத்தமாக இருக்கவில்லை என்ற ஒன்றே மூவருக்கும் பொது. அந்த ஒன்றைத்தான் விதி கேட்கிறது. அதையே நமது தமிழும் சொல்ல வேண்டும்.

கடைசியாக நமது விளையாட்டுக் கழக இளைஞர்களிடமும் பாடசாலை அணிகளின் பொறுப்பாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரே தலைக்கவசத்தையும் ஒரே சோடிக் கால்காப்பையும் பலர் மாறி மாறி அணியும் அணிகளில், முன்னவர் திரும்பி வந்து கழற்றிக் கொடுக்கும் வரை பின்னவர் காத்திருக்க நேர்கிறது. அந்த நேரத்திலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன்னரே இந்த நிலைமையை நடுவரிடமும் எதிரணித் தலைவரிடமும் சொல்லி உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அடுத்து இறங்க வேண்டியவரையும் அவருக்கு அடுத்தவரையும் பட்டிகளைப் பூட்டிப் பார்த்து ஆயத்தமாக இருக்கச் சொல்லுங்கள். ஆடுகளத்தில் நிற்கும்போது பட்டி அறுந்தாலும், கையுறை கிழிந்தாலும், துடுப்பின் பிடி கழன்றாலும், கூடாரத்தைப் பார்த்துக் கையசைக்கும் முன் நடுவரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் தலையசைத்த பிறகு மாற்றுங்கள்.